ஆப்பில் 96, பரீட்சையில் 43: எதை நம்புவது?

கேள்வி: "என் மகள் 7ஆம் வகுப்பு. பள்ளியிலேயே கணக்குக்கு ஒரு அடாப்டிவ் ஆப் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தகுந்த மாதிரி கேள்வி கொடுக்குமாம். தினமும் அரை மணி நேரம் போடுகிறாள். தசம எண்கள் பாடத்துக்கு நேராக 96% என்று பச்சை விளக்கு எரிகிறது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 43. எதை நம்புவது? அடுத்த வருடமும் பணம் கட்டித் தொடரலாமா?"

பணம் கட்டுவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த 96ஐப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியை நிறையப் பெற்றோர் கேட்கிறார்கள். கேட்டதும் "ஆப் ஏமாற்றுகிறது" என்றோ "பிள்ளை பரீட்சையில் கவனமாக எழுதவில்லை" என்றோ முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டும் அவசர முடிவு. நான் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவன். பிறகு சில ஆண்டுகள் இப்படிப்பட்ட ஒரு மென்பொருளுக்குக் கேள்வி எழுதும் வேலையும் பார்த்தேன். அதனால் அந்தப் பச்சை விளக்கு எப்படி எரிகிறது என்பதை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன்.

எல்லா ஆப்களும் ஒரே முறையில் கணக்குப் போடுவதில்லை. தொடர்ந்து இத்தனை கேள்வி சரியாகப் போட்டால் பாஸ் என்று எளிமையாக வைப்பவர்களும் உண்டு. ஆனால் பலருக்கும் மூலமாக இருப்பது 1990களின் நடுவில் ஆல்பர்ட் கார்பெட், ஜான் ஆண்டர்சன் என்ற இருவர் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதி வைத்த ஒரு முறை. பிள்ளையின் ஒவ்வொரு விடைக்குப் பிறகும் "இவளுக்கு இந்தத் திறன் தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று அது மறுபடி மதிப்பிடும். அந்த வாய்ப்பு 95%ஐத் தாண்டினால் பாடம் முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம் என்பது வழக்கம்.

கணக்கு சிரமமானது இல்லை, நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். உங்கள் மகளைப் போன்ற 100 பிள்ளைகள் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். அதில் 30 பேருக்கு ஏற்கெனவே தெரியும், 70 பேருக்குத் தெரியாது என்று மென்பொருள் ஒரு தொடக்க ஊகத்தை வைத்துக்கொள்கிறது. தெரிந்தவர்களிலும் பத்தில் ஒருவர் கவனப்பிசகாகத் தவறு செய்வார். தெரியாதவர்களிலும் ஐந்தில் ஒருவர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடுவார். இதுவும் ஊகம்தான். இப்போது முதல் கேள்விக்குச் சரியான விடை வருகிறது. தெரிந்த 30 பேரில் 27 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள், தெரியாத 70 பேரில் 14 பேர். ஆக, சரியாகச் சொன்ன 41 பேரில் 27 பேருக்குத்தான் உண்மையில் தெரியும். அதாவது 66%. ஒரு கேள்வியைச் செய்து பார்த்ததிலேயே மீதிப் பேரில் பத்தில் ஒருவர் கற்றுக்கொண்டிருப்பார் என்று இன்னொரு சின்னக் கூட்டல் உண்டு. அதையும் சேர்த்தால் 69%. இரண்டாவது கேள்வியும் சரி என்றால் 92%. மூன்றாவதும் சரி என்றால் 98%. மூன்றே கேள்வியில் பாடம் முடிந்துவிடும்.

முதல் கேள்வி தவறாகிப்போனால்? தெரிந்த 30 பேரில் 3 பேர் கவனப்பிசகில் தவறியிருப்பார்கள், தெரியாதவர்களில் 56 பேர். 59 பேரில் 3 பேர் என்றால் 5%. கற்றுக்கொண்டிருப்பதற்கான கூட்டலோடு 15%. அடுத்து ஒரு சரியான விடை வந்தால் 49%, இன்னொன்றுக்கு 83%, மூன்றாவதற்கு 96%. உங்கள் வீட்டுத் திரையில் எரியும் 96 இப்படி நாலு கேள்வியில் வந்ததாகக்கூட இருக்கலாம். இருபது கேள்வி போட்டு வந்த 96ஆகவும் இருக்கலாம். பச்சை விளக்கைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மார்க் என்று நாம் படிக்கிறோம். அது மார்க்கே இல்லை, தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையின் அளவு.

அந்த நம்பிக்கை எவ்வளவு கெட்டியானது என்பது நான் மேலே சொன்ன ஊகங்களைப் பொறுத்தது. "எது பெரியது?" என்று இரண்டு எண்களைக் கொடுத்துத் தொடச் சொல்கிற கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் தொட்டாலும் பாதி நேரம் சரியாக வரும். ஆனால் மென்பொருள் ஐந்தில் ஒன்று என்ற ஊகத்தையே இங்கும் வைத்திருந்தால் மூன்று விடையில் பச்சை எரியும். பாதி என்று திருத்தி வைத்தால் தொடர்ந்து ஆறு சரியான விடை வந்தால்தான் 95%ஐத் தாண்டும். நல்ல நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விடைகளை வைத்து இந்த எண்களைத் திறனுக்குத் திறன் சரிசெய்கின்றன. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. புதிதாகச் சேர்த்த பாடங்களுக்கு அவ்வளவு தரவு இருக்கவும் வாய்ப்பில்லை.

ஆனால் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்த முறையில் பிள்ளைக்கு இரண்டே நிலை: தெரியும், தெரியாது. "தப்பாகத் தெரியும்" என்ற மூன்றாவது நிலைக்கு இடமே இல்லை. கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பகுதி அந்த மூன்றாவது வகை. தசமமே இதற்கு நல்ல உதாரணம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

4.8, 4.63 இரண்டில் எது பெரியது என்று ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கணிசமான பேர் 4.63 என்பார்கள். ஏன் என்றால் "63, 8ஐ விடப் பெரியதுதானே" என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ஒரு முழு எண்ணாகப் படிக்கிறார்கள். வீட்டிலும் நாம் "நாலு புள்ளி அறுபத்து மூணு" என்றுதானே சொல்கிறோம்? இதற்கு நேர்மாறான பிள்ளைகளும் உண்டு. பத்தில் ஒரு பங்கு பெரியது, நூறில் ஒரு பங்கு சின்னது என்று எங்கேயோ சரியாகக் கேட்டு, அதைத் தப்பாக நீட்டி, புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினாலே எண் சின்னது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்கள் 4.8 பெரியது என்று சரியாகச் சொல்வார்கள், ஆனால் 5.62, 5.736 இரண்டில் 5.62 பெரியது என்பார்கள். முதல் வகைப் பிள்ளை இந்த இரண்டாவது கேள்வியில் சரியாகச் சொல்லும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எந்த ஜோடிகளைக் கொடுத்தால் எந்தத் தப்பு வெளியே வரும் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

இப்போது மென்பொருளின் பக்கம் வருவோம். கேள்வி வங்கியில் ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து எழுதுவதில்லை. "இரண்டு தசம இலக்கம் உள்ள இரண்டு எண்களை எடு, எது பெரியது என்று கேள்" என்று ஒரு வார்ப்பைக் கொடுத்தால் கணினியே ஆயிரம் கேள்வி உருவாக்கிவிடும். 3.47, 3.52 என்று வரும். அடுத்து 8.19, 8.91 என்று வரும். இரண்டு எண்ணிலும் இலக்கங்கள் சமம் என்பதால், மேலே சொன்ன இரண்டு வகைப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஊகமே இல்லை, நூற்றுக்கு நூறு. தப்பான எண்ணம் அப்படியே உள்ளே இருக்க, பச்சை விளக்கு எரியும். கணக்கிடும் முறையில் தவறே இல்லாவிட்டாலும், கேள்விகள் இப்படி இருந்தால் விளக்குக்கு அர்த்தம் இல்லை. கேள்வி எழுதும் இடத்தில் நாங்கள் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். எந்தக் கேள்வியை எப்போது கொடுப்பது என்ற நிரலுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட, கேள்வி என்ன கேட்கிறது என்பதற்குக் கிடைப்பதில்லை.

இது கணினி வந்த பிறகு வந்த வியாதியும் இல்லை. 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பவர் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் படித்த 12 வயதுப் பையனைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் அவனுக்கு பென்னி என்று பெயர். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தனித்தனிக் கணக்குப் பயிற்சியேட்டைச் செய்து, சோதனையில் 80% எடுத்தால் அடுத்த ஏட்டுக்குப் போகலாம். இன்றைய ஆப்பின் தாள் வடிவம் என்றே சொல்லலாம். பென்னி நன்றாக முன்னேறுகிறான் என்று ஆசிரியர் நினைத்திருந்தார். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசியபோது 2/10ஐத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்றான். இரண்டும் பத்தும் பன்னிரண்டு, நடுவில் ஒரு புள்ளி. 4/11க்கு 1.5, 11/4க்கும் 1.5. 0.3ஐயும் 0.4ஐயும் கூட்டினால் 0.07 என்றான். எல்லாவற்றுக்கும் அவனிடம் சொந்தமாக ஒரு விதி இருந்தது. தன் விடை விடைக்குறிப்போடு ஒத்துப்போகாதபோது, தன்னுடையதும் சரிதான், விடைக்குறிப்பில் வேறு விதமாக எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஒத்துப்போகும் வரை மாற்றி எழுதினான். அவனிடம் "ஏன்?" என்று கேட்க அந்த ஏற்பாட்டில் ஆளே இல்லை. திருத்துபவர் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு சரி, தப்பு போடுவதோடு சரி.

உங்கள் மகளுக்கு இப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வேறு மூன்று காரணங்களும் இருக்கலாம், அவை இதைவிடச் சாதாரணமானவை.

ஒன்று, கலப்பு. ஆப்பில் "தசமக் கழித்தல்" என்ற தலைப்புக்குள் போனால் பத்துக் கேள்வியும் தசமக் கழித்தல்தான். எதைச் செய்ய வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. பரீட்சைத் தாளில் பின்னமும் தசமமும் சதவீதமும் மாறி மாறி வரும்போது, எந்த முறை என்று முடிவெடுப்பதே பாதி வேலை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டக் ரோரரும் உடன் ஆய்வாளர்களும் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளிடமே இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். 54 வகுப்புகள். பாதிப் பேருக்குத் தலைப்பு வாரியாகப் பயிற்சித் தாள், மீதிப் பேருக்கு அதே கணக்குகளைக் கலந்து கொடுத்த தாள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் வைத்த தேர்வில் கலந்து செய்தவர்கள் 61%, தலைப்பு வாரியாகச் செய்தவர்கள் 38%. கணக்குகள் அதே, மாறியது வரிசை மட்டும்தான். பயிற்சி நேரத்தில் தலைப்பு வாரியாகச் செய்வது சுலபமாக இருப்பதால், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மென்பொருளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தோன்றும். இரண்டாவது, மறதி. நான் சொன்ன கணக்கின் மூல வடிவத்தில் மறதிக்கு இடமே கிடையாது. ஒருமுறை "தெரியும்" என்ற பக்கத்துக்குப் போன பிள்ளை "தெரியாது" பக்கத்துக்குத் திரும்பாது என்பது அதன் அடிப்படை அனுமானம். ஜூனில் எரிந்த பச்சை விளக்கு செப்டம்பரிலும் எரியும். மறதியைக் கணக்கில் சேர்த்து, பழைய பாடத்திலிருந்து அவ்வப்போது கேள்வி கொடுக்கும் ஆப்களும் இருக்கின்றன. உங்களுடையது அப்படியா என்று தெரிந்துகொள்வது சுலபம்: முடித்த பாடத்திலிருந்து கேட்காமலே கேள்வி வருகிறதா என்று மகளிடம் கேளுங்கள்.

மூன்றாவது காரணம், ஆப் எந்த வகுப்புக் கணக்கைக் கொடுக்கிறது என்பது. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆனால் இந்த மென்பொருள்களின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, அதனால் இனி நல்ல பக்கத்தையும் சொல்கிறேன்.

இந்தியாவில் இது பற்றி நடந்ததில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆய்வு டெல்லியில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் செய்து 2019இல் வெளியிட்டது. 2015இல் அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களிடையே குலுக்கல் போட்டு, பாதிப் பேரை மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் இருந்த மாலை நேர மையங்களுக்கு இலவசமாக அனுப்பினார்கள். வாரம் ஆறு நாள், ஒவ்வொரு நாளும் 90 நிமிடம். அதில் பாதி கணினி முன், பாதி ஒரு பயிற்றுநரோடு சிறு குழுவில். நாலரை மாதம் கழித்துச் சோதித்தபோது, குலுக்கலில் வென்றவர்கள் கணக்கில் 0.37 திட்டவிலக்கம் முன்னால் இருந்தார்கள். சாதாரணமாகச் சொன்னால், நூறு பேரில் நடுவில் நின்ற பிள்ளை ஏறக்குறைய 36 பேருக்குப் பின்னால் என்ற இடத்துக்கு நகர்ந்தது மாதிரி. நாலரை மாதத்துக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால் அந்த ஆய்வில் உங்களுக்குத் தேவையான செய்தி வேறு. முதல் நாள் சோதனையிலேயே, 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள் என்பது தெரிந்தது. மேல் வகுப்புகளில் இடைவெளி இன்னும் கூடியது. மென்பொருள் அவர்கள் உண்மையில் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது. வகுப்பறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியரால் அது முடியாது. நான் ஆசிரியராக இருந்தபோது என்னாலும் முடிந்ததில்லை. அதனால்தான் பலன் கிடைத்தது. அதே காரணத்தால், அவர்களுடைய பள்ளித் தேர்வின் கணக்கு மார்க்கில் குறிப்பிடத்தக்க உயர்வு வரவில்லை. 7ஆம் வகுப்புப் பிள்ளை 4ஆம் வகுப்பு வகுத்தலைச் சரிசெய்துகொண்டிருக்கிறது, பள்ளித் தேர்வு 7ஆம் வகுப்பு இயற்கணிதத்தைக் கேட்கிறது. பிள்ளை கற்கவில்லை என்பது இதற்குப் பொருள் இல்லை. அந்தத் தேர்வால் அந்தக் கற்றலைப் பார்க்க முடியவில்லை. உங்கள் வீட்டு 96க்கும் 43க்கும் நடுவிலும் இதுவே இருக்கலாம். தசமத்தில் 96 என்கிற அந்தப் பச்சை விளக்கு 5ஆம் வகுப்புத் தசமமா, 7ஆம் வகுப்புத் தசமமா என்று பாருங்கள்.

அந்த ஆய்வின் வரம்பையும் சொல்ல வேண்டும். மென்பொருளும் பயிற்றுநரும் கூடுதல் நேரமும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன. எது எவ்வளவு பலன் தந்தது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. பிள்ளைக்குத் தகுந்தபடி கேள்வி கொடுப்பது தனியாக எவ்வளவு உதவுகிறது என்பதை ஆண்ட்ரியாஸ் டி பாரோஸும் அதே கானிமியனும் ராஜஸ்தான் அரசுப் பள்ளிகளில் சோதித்தார்கள். அதே மென்பொருள், ஒரு குழுவுக்கு அவரவர் நிலைக்கு ஏற்ற கணக்கு, இன்னொரு குழுவுக்கு அவரவர் வகுப்புக்குரிய கணக்கு. சராசரியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தொடக்கத்தில் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு மட்டும் தகுந்தபடி கொடுத்தது தெளிவாக உதவியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: அடிப்படை ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஆப்கள் நல்ல மருந்து. வகுப்பு நிலைக்கு அருகில் இருக்கும் பிள்ளைக்கு, ஒரு நல்ல பயிற்சிப் புத்தகமும் விடையை உடனே சரிபார்த்துச் சொல்ல ஒரு ஆளும் இருந்தால், ஆப் தரும் கூடுதல் பலன் எவ்வளவு என்பதில் எனக்குச் சந்தேகம்தான். பின்னது ஆய்வு நேரடியாகச் சொன்னது இல்லை, என் கணிப்பு.

இன்னொரு விஷயத்தையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், மென்பொருளின் போக்கைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். குறிப்பு கேட்கும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் கடைசிக் குறிப்பு பெரும்பாலும் விடையையே சொல்லிவிடும். நாலு விடைகளில் ஒவ்வொன்றாகத் தொட்டால் ஏதாவது ஒன்று சரியாகும். 2004இலிருந்து ரயன் பேக்கர் என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, இப்படிச் செய்கிற பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கற்கிறார்கள் என்று காட்டினார். கண்டுபிடிப்பதும் சுலபம். பள்ளிக்கு வரும் அறிக்கையில் பெரும்பாலும் ஒரு கேள்விக்கு ஆன நேரம் இருக்கும். தசமக் கழித்தலைப் பெரும்பாலான பிள்ளைகளால் மூன்று நாலு விநாடியில் போட முடியாது. அப்படிப்பட்ட விடைகள் வரிசையாக இருந்தால், அங்கே நடப்பது கணக்கு இல்லை.

சரி, இந்த வாரம் வீட்டில் என்ன செய்யலாம்? போனை எடுத்து வைத்துவிட்டு, தாளும் பென்சிலுமாகக் கால் மணி நேரம் உட்காருங்கள். எது பெரியது என்று இந்த ஜோடிகளைக் கொடுங்கள்: 4.8, 4.63, பிறகு 0.45, 0.6, பிறகு 5.62, 5.736, பிறகு 2.3, 2.347, கடைசியாக 4.45, 4.4502. முதல் இரண்டில் தவறி அடுத்த இரண்டில் சரியாகச் சொன்னால் நீளமான எண் பெரியது என்று நினைக்கிறாள். நேர்மாறாக வந்தால், குட்டையான எண் பெரியது என்ற எண்ணம். கடைசி ஜோடியை மட்டும் "இரண்டும் ஒன்றுதான்" என்று சொன்னால் தசமத்தை ரூபாய், பைசாவாகப் பார்த்து இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறாள் என்று பொருள். அதுவும் பரவலான ஒன்று. அப்புறம் 12.5 + 3 எவ்வளவு என்று பக்கவாட்டாக எழுதிக் கொடுங்கள். 12.8 என்று வந்தால் எண்களை வலப்பக்க ஓரத்தில் ஒட்டி அடுக்குகிறாள், இடமதிப்பு இன்னும் கைக்கு வரவில்லை. 0.3க்கும் 0.4க்கும் நடுவில் ஏதாவது எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒவ்வொரு விடைக்கும், அது சரியாக இருந்தாலும், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்பது முக்கியம். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், கேட்டதுமே விடையை மாற்றிவிடுவாள்.

தப்பு ஏதாவது வெளியே வந்தால் திட்ட வேண்டாம், ஆப்பில் இன்னும் ஐம்பது கேள்வி போடச் சொல்லவும் வேண்டாம். ஒரு மீட்டர் டேப்பை எடுங்கள். 0.6 மீட்டரையும் 0.45 மீட்டரையும் அதில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீளமானது பெரியது என்ற எண்ணம் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். கிரிக்கெட் பார்க்கிற வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. 18.4 ஓவர் என்பதில் வரும் புள்ளி தசமப் புள்ளி இல்லை, ஆறு பந்துக்கு ஒரு ஓவர். 5.10 என்று எழுதிவிட்டு ஐந்தடி பத்து அங்குலம் என்று படிக்கிறோமே, அதுவும் அப்படித்தான். இவற்றைத் தசமத்துக்கு உதாரணமாகச் சொல்லிப் பிள்ளையைக் குழப்புகிறவர்களை ஆசிரியர்களிடையேகூடப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனையில் எல்லாம் சரியாக வந்துவிட்டால் தசமத்தில் பிரச்சினை இல்லை. காலாண்டுத் தாளை எடுத்து, எந்தெந்தப் பாடத்தில் மார்க் போனது என்று பிரித்துப் பாருங்கள். விடை சரியாக இருந்து வழிமுறை எழுதாததால் போன மார்க் எவ்வளவு என்றும் பாருங்கள். ஆப் கடைசி எண்ணை மட்டும் தட்டச் சொல்லும், அல்லது ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கொடுத்துக் கட்டத்தை நிரப்பச் சொல்லும். வெற்றுத் தாளில் முதல் வரியை எங்கே தொடங்குவது என்ற பழக்கத்தை அது தருவதில்லை. அந்தக் குறைக்கு ஆப்பில் கணக்குப் போடும்போதே பக்கத்தில் நோட்டு வைத்து வழிமுறையை எழுதச் சொல்வது போதும். வாரம் ஒருநாள், முடித்த நாலைந்து பாடங்களிலிருந்து கலந்து எட்டுப் பத்துக் கணக்கு நீங்களே கொடுங்கள். பாடப்புத்தகப் பயிற்சிகளிலிருந்தே எடுக்கலாம். எந்தப் பாடம் என்று தலைப்பு எழுத வேண்டாம்.

பணம் விஷயம். கட்டுவதற்கு முன் பள்ளியில் மூன்று கேள்வி கேளுங்கள். மகளுக்கு இப்போது எந்த வகுப்பு நிலைக் கணக்கு வருகிறது? ஒரு பாடத்துக்குப் பச்சை எரிய எத்தனை கேள்வி போட்டாள், சராசரியாக எவ்வளவு நேரம் எடுத்தாள்? அந்த அறிக்கையைக் கணக்கு ஆசிரியர் பார்க்கிறாரா, பார்த்து வகுப்பில் எதையாவது மாற்றுகிறாரா? மூன்றாவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 7ஆம் வகுப்பு வீட்டுக் கணக்கை அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற மென்பொருளில் செய்யவைத்து 2016இல் வெளியான ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அதில் பிள்ளைக்குப் பிள்ளை கேள்வியை மாற்றுவது பெரிய அம்சமே இல்லை. எங்கே தவறு என்பதைப் பிள்ளை உடனே பார்த்தது, எந்தக் கணக்கில் நிறையப் பேர் தடுமாறினார்கள் என்பதை மறுநாள் ஆசிரியர் பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்தது, இவை இரண்டும்தான் அதன் அடிப்படை. வாரத்துக்கு அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம்தான் பிள்ளைகள் அதில் செலவழித்தார்கள்.

ஆகவே மகள் பின்தங்கிய நிலைக் கணக்கில் இருக்கிறாள், ஒழுங்காக நேரம் எடுத்துப் போடுகிறாள், ஆசிரியரும் அறிக்கையைப் பார்க்கிறார் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். மார்க் உயரக் கொஞ்சம் நாள் பிடிக்கும், அரையாண்டுக்கே எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே 7ஆம் வகுப்பு நிலையிலேயே கணக்கு வருகிறது, அறிக்கையை யாரும் திறப்பதில்லை என்றால், நானாக இருந்தால் அந்தப் பணத்தைக் கட்டமாட்டேன். தசம ஜோடிகளுக்கு அவள் சொன்ன விடைகளையும், குறிப்பாகச் சொன்ன காரணங்களையும், அப்படியே இங்கே எழுதுங்கள். எந்த இடத்தில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.